பார்ட்டோகிராஃபில் முதல் பெருக்கல் குறியை எங்கே போடுவது?

பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று மணிக்கு மணி குறித்துவரும் தாள்தான் பார்ட்டோகிராஃப். லேபர் வார்டுக்குப் புதிதாக வரும் ஏ.என்.எம். மாணவியிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் பெயர், வயது, எத்தனையாவது பிரசவம் என்று மேல்வரியை வேகமாக நிரப்பிவிடுவார். கட்டங்கள் வந்ததும் பேனா நின்றுவிடும். நானும் அப்படித்தான் நின்றேன். பயிற்சியில் இருந்தபோது, குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து, கோடு அழகாக வருகிற மாதிரி மொத்தத் தாளையும் ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறேன். அப்படி நிரப்பிய தாள் அந்தத் தாய்க்கு ஒரு பிரயோஜனமும் தராது என்பது பிறகுதான் உறைத்தது. வலி நடக்கும்போதே போட்டால்தான் அது எதையாவது சொல்லும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது உலக சுகாதார நிறுவனம் 2000-இல் எளிமைப்படுத்திய தாள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் தாள் இதைவிடச் சிறியது; குழந்தையின் தலை இறங்குவதும், மண்டையோட்டு எலும்புகள் நெருங்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும் அதில் இருக்காது. ஆனால் இரண்டிலும் நடுவில் இருக்கும் கோடுகள் ஒரே மாதிரிதான்.

முதலில் பிரசவ நிலைகள்

முதல் நிலை என்பது உண்மையான வலி தொடங்கியதிலிருந்து கருப்பை வாய் முழுதாக, அதாவது 10 செ.மீ. விரியும் வரை. இதில் இரண்டு கட்டம் உண்டு. ஆரம்பக் கட்டத்தில் வாய் மெலிந்து, மெதுவாக 4 செ.மீ. வரை விரியும். தலைப்பிரசவமாக இருந்தால் இதற்கே ஒரு பகலும் ஓர் இரவும்கூடப் போகலாம். அதற்குப் பிறகு வருவது தீவிரக் கட்டம். வலி நெருங்கி வரும், நீண்டு நிற்கும், வாய் வேகமாகத் திறக்கும்.

இரண்டாம் நிலை வாய் முழுதாக விரிந்ததிலிருந்து குழந்தை வெளியே வரும் வரை. மூன்றாம் நிலை நஞ்சுக்கொடி வெளியேறும் வரை. அதற்கடுத்த இரண்டு மணி நேரத்தை நான்காம் நிலை என்று சொல்லிக்கொடுப்போம்.

பார்ட்டோகிராஃபின் வேலை முக்கியமாகத் தீவிரக் கட்டத்தில். அதனால்தான் பரீட்சையிலும் வார்டிலும் முதல் கேள்வி ஒன்றே: இவருக்குத் தாள் தொடங்கலாமா, வேண்டாமா?

எப்போது தொடங்குவது

வாய் 4 செ.மீ. விரிந்திருக்க வேண்டும்; பத்து நிமிடத்தில் இரண்டு வலியாவது வர வேண்டும். இரண்டும் இருந்தால் தொடங்குங்கள். 3 செ.மீ. இருக்கும்போதே தொடங்கிவிட்டால், ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் பிரசவம்கூடத் தாமதம் மாதிரித் தெரியும். தேவையில்லாமல் ரெஃபர் செய்வீர்கள், அல்லது யாராவது டிரிப் போட்டுவிடுவார்கள். அதுவரை நாடித்துடிப்பு, குழந்தையின் இதயத்துடிப்பு, வலி எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் எழுதினால் போதும்.

2018-இல் உலக சுகாதார நிறுவனம் தீவிரக் கட்டம் 5 செ.மீ.-இல் தொடங்குகிறது என்று மாற்றியது. 2020-இல் வந்த புதிய தாளில் சாய்கோடே கிடையாது, ஒவ்வொரு செ.மீ.-க்கும் இவ்வளவு நேரம் என்று தனித்தனியாக இருக்கும். உங்கள் வார்டில் எந்தத் தாள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரண்டையும் கலந்து படிப்பதைவிட, ஒன்றைச் சரியாகப் படிப்பது மேல்.

முதல் பெருக்கல் குறி

தாளின் நடுப்பகுதியில் இடது ஓரமாக 0 முதல் 10 வரை எண்கள் இருக்கும். அவை கருப்பை வாய் விரிவு. கீழே ஒவ்வொரு பெரிய கட்டமும் ஒரு மணி நேரம். 4-இல் தொடங்கி 10 வரை சாய்வாக ஏறும் கோடு அலர்ட் கோடு. மணிக்கு 1 செ.மீ. என்ற கணக்கில் வரைந்தது, ஆறு கட்டத்தில் மேலே தொடும். அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம், அதே சாய்வில் ஆக்‌ஷன் கோடு.

இப்போது தவறு நடக்கும் இடம். ஒரு பெண் 6 செ.மீ. விரிவோடு வந்து சேர்கிறார். மாணவி என்ன செய்வார்? தாளின் முதல் கட்டத்தில், 0 மணியில், 6 என்ற உயரத்தில் குறியைப் போடுவார். அது அலர்ட் கோட்டுக்கு இடப்புறம் போய்விடும். அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஒரு செ.மீ.கூட விரியாமல் நின்றாலும் கோட்டைத் தாண்டியதாகத் தெரியாது.

சரியான முறை இதுதான். முதல் குறி எப்போதும் அலர்ட் கோட்டின் மேலேயே விழ வேண்டும். 6 செ.மீ. என்றால் கோடு 6-ஐத் தொடும் இடத்தைத் தேடுங்கள், அங்கே பெருக்கல் குறி போடுங்கள். அந்தக் கட்டத்துக்கு நேர் கீழே பரிசோதித்த மணியை எழுதுங்கள். அங்கிருந்து நேரம் வலப்புறமாக நகரும். அடுத்த உள்பரிசோதனை நான்கு மணி நேரம் கழித்து. இடையில் அடிக்கடி கையுறை போட்டுப் பார்ப்பதால் வாய் சீக்கிரம் திறக்காது, தொற்றுதான் வரும்.

இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கும் நான்கு மணி நேர இடைவெளிக்கு ஒரு கதை உண்டு. 1972-இல் பில்பாட், காஸில் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கோடுகளைக் கொண்டுவந்தது இன்றைய ஜிம்பாப்வேயில். சுற்றுவட்டாரச் சிறு மையங்களில் மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்தார்கள். சிசேரியன் வசதி தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். அலர்ட் கோட்டைத் தாண்டினால் வண்டி ஏற்றவேண்டும், ஆக்‌ஷன் கோடு வருவதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். இந்தக் கோடுகள் நம் போன்ற கிராமத்து மையங்களை நினைத்தே பிறந்தவை.

சுற்றியிருக்கும் வரிசைகள்

மேலே குழந்தையின் இதயத்துடிப்பு, அரை மணிக்கு ஒரு புள்ளி. வலி முடிந்த உடனே ஒரு முழு நிமிடம் கேளுங்கள். 110 முதல் 160 வரை இயல்பு. பழைய தாள்களில் கீழ் எல்லை 120 என்று இருக்கும். அதன் கீழே பனிக்குட நீர். பனிக்குடம் உடையவில்லை என்றால் ஆங்கில எழுத்து ஐ, தெளிவான நீருக்கு சி, குழந்தை மலம் கலந்து பச்சையாக இருந்தால் எம், ரத்தம் கலந்திருந்தால் பி.

வலியைக் கையால்தான் பார்க்க வேண்டும். கருப்பையின் மேல்பகுதியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நில்லுங்கள். வயிறு கல் மாதிரி இறுகும்போது எண்ணத் தொடங்கி, தளரும்போது நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் மூன்று வலி என்றால் மூன்று சிறுகட்டம். ஒவ்வொன்றும் 20 வினாடிக்குள் என்றால் புள்ளிகள், 20 முதல் 40 என்றால் சாய்வுக்கோடுகள், 40-க்கு மேல் என்றால் முழுவதும் கறுப்பு. அந்தப் பெண் எவ்வளவு கத்துகிறார் என்பதை வைத்துக் கறுப்படிக்காதீர்கள். அமைதியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு 50 வினாடி வலி ஓடிக்கொண்டிருக்கலாம்.

தலை இறங்குவதை வட்டமாகக் குறிப்போம். அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு மேலே தலையில் எத்தனை விரல் பங்கு தட்டுப்படுகிறது என்று பார்ப்பது. ஐந்து விரலும் தட்டுப்பட்டால் ஐந்தில் ஐந்து. எதுவும் தட்டுப்படவில்லை என்றால் பூஜ்யம். பெருக்கல் குறி ஏற ஏற, வட்டம் இறங்க வேண்டும்.

ஒரு கேஸ் போட்டுப் பார்ப்போம்

பயிற்சிக்காக ஒரு கேஸ். 23 வயது, தலைப்பிரசவம், 39 வாரம். காலை 6 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். வாய் 3 செ.மீ., பத்து நிமிடத்தில் இரண்டு வலி, 20 வினாடிகூட நிற்கவில்லை. தாள் தொடங்கக்கூடாது. நடக்கச் சொல்கிறோம், கஞ்சி குடிக்கச் சொல்கிறோம்.

10 மணிக்கு 5 செ.மீ. மூன்று வலி, 30 வினாடி. தலை ஐந்தில் நான்கு, பனிக்குடம் உடையவில்லை, இதயத்துடிப்பு 140. இப்போது தாள் தொடங்குகிறது. அலர்ட் கோடு 5-ஐத் தொடும் இடத்தில் பெருக்கல் குறி, அதற்குக் கீழே 10 மணி.

அடுத்த பரிசோதனை 2 மணிக்கு. கோட்டின்படி 9 செ.மீ. இருக்க வேண்டும். இருப்பது 7. நான்கு கட்டம் வலப்புறம் நகர்ந்து, 7-இன் உயரத்தில் குறி போடுங்கள். அலர்ட் கோடு 7-ஐத் தொட்டது 12 மணிக்கு. ஆக இவர் கோட்டைத் தாண்டி இரண்டு மணி நேரம் வலப்புறம் இருக்கிறார். ஆக்‌ஷன் கோடு 7-ஐத் தொடுவது 4 மணிக்கு. கையில் இருப்பது இரண்டு மணி நேரம்.

ஏன் தாமதம்? மற்ற வரிசைகளைப் பாருங்கள். வலி இன்னும் மூன்றுதான், 30 வினாடிதான். சாய்வுக்கோடுகள் கறுப்பாகவே இல்லை. தலை மூன்றில் நிற்கிறது, மண்டையோட்டு எலும்புகள் ஒன்றையொன்று தொடுகின்றன, மேலேறவில்லை. இதயத்துடிப்பு 144. இது வலி போதாமல் வரும் தாமதம். இதே 7 செ.மீ.-இல் வலி ஐந்து, எல்லாம் கறுப்பு, எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விரலால் விலக்கினாலும் விலகவில்லை, தலை மட்டும் இறங்கவில்லை என்றால் வழி அடைபட்டிருக்கிறது. அந்தப் படம் வேறு. அங்கே ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க முடியாது.

அடிவயிற்றில் மூத்திரப்பை புடைத்துத் தெரிந்தது. போய்விட்டு வரச் சொன்னதும் நிறையப் போனார். நிரம்பிய பையும் தலையை இறங்க விடாது. இருந்தாலும் அதற்காக இன்னும் நான்கு மணி நேரம் காத்திருக்க முடியாது. 108-ஐ அழைக்கிறோம்.

இந்த நேரத்தில்தான் அம்மாக்காரி வருவார். "சிஸ்டர், விடியக்காலையிலேருந்து துடிக்கிறா. ஒரு வலி ஊசி போட்டு முடிச்சு விடுங்களேன்."

"குழந்தை பிறக்கிறதுக்கு முன்னால அந்த ஊசியைத் தசையில போடக்கூடாதும்மா. போட்டா திரும்ப எடுக்க முடியாது. கர்ப்பப்பையே கிழிஞ்சிடும்."

டிரிப்பில் துளித்துளியாகக் கொடுப்பது வேறு. அதிகமானால் நிறுத்தலாம், பக்கத்தில் ஆபரேஷன் தியேட்டர் இருக்கும். அது பெரிய ஆஸ்பத்திரி வேலை. நம் வேலை, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூடவே ஒருவரை அனுப்பி, அந்தத் தாளையும் கையோடு கொடுத்துவிடுவது. ரெஃபர் சீட்டில் ஒரு பத்தி எழுதுவதைவிட அந்தத் தாள் அங்கிருக்கும் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

3.15-க்குப் போய்ச் சேர்கிறார். பனிக்குடத்தை உடைக்கிறார்கள், நீர் தெளிவு, சி. டிரிப் ஓடுகிறது. 4.30-க்கு வலி நான்கு, 45 வினாடி, கட்டங்கள் கறுப்பாகின்றன. 6.30-க்கு 10 செ.மீ., தலை பூஜ்யம். பெருக்கல் குறியும் வட்டமும் இப்போது நேர் எதிர் ஓரங்களில் நிற்கும்.

இங்கே இரண்டாம் நிலை. இனி இதயத்துடிப்பு அரை மணிக்கு அல்ல, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. 7.20-க்குக் குழந்தை. வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தடவிப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தொடையில். அம்மாக்காரி கேட்ட அதே மருந்து. இப்போது போட்டால்தான் ரத்தப்போக்கைத் தடுக்கும். 7.28-க்கு நஞ்சுக்கொடி. அரை மணிக்கு மேல் வரவில்லை என்றால்தான் தங்கிவிட்டது என்று சொல்வோம்.

அப்புறம் கால் மணிக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம், தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள். கருப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். மாவு மாதிரி அமுங்கினால் உடனே தேய்த்துவிட்டு, துணியைத் தூக்கி ரத்தம் எவ்வளவு என்று பாருங்கள்.