ஆறு பொறி, ஒரு 61: பூச்சி எண்ணிக்கைக்குச் சோதனை தேர்ந்தெடுப்பதில் வரும் தவறுகள்

கத்தரி வயலில் மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டி வெள்ளை ஈ எண்ணியதாக வைத்துக்கொள்வோம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. தெளிக்காத ஆறு பாத்திகளில், பாத்திக்கு ஓர் அட்டை: 4, 7, 9, 12, 15, 61. வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த ஆறு பாத்திகளில்: 0, 0, 1, 2, 3, 8.

பலரும் இதை எழுதும் விதம் இது: “18.00 ± 8.74, 2.33 ± 1.23 (மான்-விட்னி, p < 0.05).” இந்த ஒரு வரிக்குள் எத்தனை தவறு என்று பார்ப்போம்.

முதலில் சராசரி. அந்த 18-க்கு மேல் இருப்பது 61 மட்டும்தான். மீதி ஐந்தும் அதற்குக் கீழே. சராசரியைத் தூக்கியதும் அந்த ஒற்றை அட்டைதான், ± 8.74 என்று திட்டப் பிழையைப் பெருக்கியதும் அதுதான். சமமற்ற விலக்கத்துக்கான டி-சோதனை போட்டால் பி மதிப்பு சுமார் 0.13 வருகிறது. தர வரிசையை வைத்துப் பார்க்கும் மான்-விட்னிக்கு 61 என்பது ‘எல்லாவற்றிலும் பெரியது’, அவ்வளவுதான். சோதனையைத் தர வரிசையில் செய்துவிட்டு, விவரத்தைச் சராசரியில் எழுதினால் இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

ஆனால் பெரிய தவறு கணினியைத் திறக்கும் முன்பே நடந்துவிடுகிறது. அட்டைகள் எங்கே தொங்கின? ஆறு அட்டையும் ஒரே தெளித்த வயலில், மற்ற ஆறும் பக்கத்து வயலில் என்றால் உங்களிடம் இருப்பது ஆறு அல்ல, ஒன்றும் ஒன்றும்தான். வேறுபாடு வேம்பினாலா, வயலினாலா என்று எந்தச் சோதனையும் பிரித்துச் சொல்லாது.

இன்னொரு அமைப்பு: ஆறு விவசாயிகளின் வயலில், ஒவ்வொன்றிலும் தெளித்த பாத்தி ஒன்று, தெளிக்காதது ஒன்று. இது ஜோடித் தரவு. இதற்கு மான்-விட்னி கூடாது. வில்காக்சன் குறியிட்ட தரச் சோதனைதான். ஆர் மென்பொருளில் இரண்டுக்கும் `wilcox.test` என்ற ஒரே பெயர். `paired = TRUE` என்பதில்தான் வித்தியாசம். அதனால் குழப்பம் சுலபமாக நடக்கிறது.

எத்தனை பாத்தி என்பதையும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். குழுவுக்கு மூன்று என்றால் தரங்களைப் பிரிக்க 20 வழிதான். இரு குழுவும் முழுக்கப் பிரிந்து நின்றாலும் இருபக்கப் பி மதிப்பு 2/20, அதாவது 0.1. ஜோடி ஐந்து என்றால் மிகக் குறைந்தது 2/32, அதாவது 0.0625. 0.05-ஐத் தொடவே முடியாத சோதனையை நடத்திவிட்டு ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, நம் பாத்திகள் தனித்தனி, குலுக்கல் முறையில் பிரித்தவை என்றே கொள்வோம். தெளித்ததையும் தெளிக்காததையும் ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்தால் 36 ஒப்பீடு. அதில் 34-ல் தெளிக்காதது அதிகம். 4-உம் 7-உம் மட்டும் 8-இடம் தோற்கின்றன. ஆகவே U = 2 (மறுபக்கம் எண்ணினால் 34). இங்கே இரண்டு பூஜ்யம் சமமாக இருப்பதால் ஆர் பெரும்பாலும் `cannot compute exact p-value with ties` என்று எச்சரித்துவிட்டு, தோராய முறைக்குப் போய் 0.013 தரும். பூச்சி எண்ணிக்கையில் சமம் வராமல் இருக்காது. எச்சரிக்கையைத் தாண்டிப் போகாமல், `coin` தொகுப்பை வைத்துத் துல்லிய முறையைக் கேளுங்கள். `d` என்பது உங்கள் தரவு அட்டவணை; அதில் எண்ணிக்கை `count` பத்தியிலும், தெளித்ததா இல்லையா என்பது `group` பத்தியிலும் இருக்க வேண்டும்:

```r
library(coin)
d$group <- factor(d$group)
wilcox_test(count ~ group, data = d,
            distribution = "exact")
```

பன்னிரண்டு எண்ணை ஆறு ஆறாகப் பிரிக்கும் 924 வழியில் இவ்வளவு அல்லது இதைவிட விலகியவை எட்டு. பி மதிப்பு 0.0087. இங்கே முடிவு மாறவில்லை. 0.05-க்குப் பக்கத்தில் இருந்திருந்தால் மாறியிருக்கலாம்.

அப்புறம், ‘இடைநிலை அளவுகள் வேறுபடுகின்றன’ என்று எழுதாதீர்கள். இரு பரவலும் ஒரே வடிவில் நகர்ந்து நின்றால்தான் மான்-விட்னி அதைச் சொல்லும். இங்கே ஒன்று 0 முதல் 8 வரை, மற்றது 4 முதல் 61 வரை, வடிவம் ஒன்றல்ல. சோதனை சொல்வது, ஒரு குழுவின் எண்கள் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும் போக்கைத்தான். அதையே விளைவின் அளவாகவும் கொடுக்கலாம்: 34/36 = 0.94.

நான் எழுதுவதானால் இப்படி: “வெள்ளை ஈ எண்ணிக்கை தெளிக்காத பாத்திகளில் அதிகமாக இருந்தது (இடைநிலை அளவு 10.5, வீச்சு 4–61, தெளித்தவற்றில் 1.5, வீச்சு 0–8; குழுவுக்கு 6 பாத்தி; மான்-விட்னி U = 2, துல்லியமான இருபக்க p = 0.0087, தெளிக்காத பாத்தியில் அதிகம் இருக்கும் வாய்ப்பு 0.94).” பன்னிரண்டு எண்தானே, அவற்றையும் புள்ளிகளாக ஒரு படத்தில் போட்டுவிடுவேன், 61 உட்பட.