படுக்கை டேங்கில் டிப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேங்குக்குள் அளவு ராடை இறக்கி டீசலின் ஆழத்தைப் படிப்பதுதான் டிப். ராடைச் சாய்வாக இறக்குவது, ஈரக்கோட்டைத் துடைத்துவிட்டுப் படிப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள். கணக்கில் நடக்கும் தவறுகள்தான் ஆண்டுக்கணக்கில் தப்பி நிற்கும். லாரி ஷெட்டுகளிலும் பங்க்குகளிலும் பார்க்கிற அளவில் ஒரு டேங்கை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 2 மீட்டர், நீளம் 6.4 மீட்டர், இரு முனையும் தட்டை. நிரம்பினால் 20,106 லிட்டர்.

‘ஒரு சென்டிமீட்டருக்கு 100 லிட்டர்’

20,106-ஐ 200 சென்டிமீட்டரால் வகுத்து, டேங்க் பக்கத்துச் சுவரிலேயே இப்படி எழுதி வைத்துவிடுகிறார்கள். புதிதாக வருபவரும் அதையே பிடித்துக்கொள்கிறார். இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான், ஏனென்றால் இதற்கான விலையைக் கணக்குப் போட்டவர் கொடுப்பதில்லை.

நிற்கும் டிரம்மில் இந்த வகுத்தல் சரி. படுத்திருக்கும் உருளையில் டீசலின் மேற்பரப்பு அடியில் குறுகலாகவும் நடுவில் அகலமாகவும், மேலே போகப்போக மறுபடி குறுகலாகவும் இருக்கும். நம் டேங்கில் 10 செ.மீ. ஆழத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 56 லிட்டர், 20 செ.மீ.யில் 77, சரிபாதியில் 128.

ஷெட்டில் ஒரு நாள் செலவு சரியாக 500 லிட்டர் என்று வையுங்கள். டிப் 100 செ.மீ.யில் இருக்கும் நாளில் 3.9 செ.மீ. இறங்கும். சுவர்க்கணக்கு 390 லிட்டர் என்று சொல்லும்; யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டிப் 20 செ.மீ.க்கு வந்த நாளில் அதே 500 லிட்டருக்கு 7.1 செ.மீ. இறங்கும். இப்போது கணக்கு 710 லிட்டர். வண்டிகளுக்கு ஊற்றியதாக நோட்டில் இருப்பது 500. மீதி 210 எங்கே என்று டீசல் ஊற்றும் பையனை நிறுத்திக் கேட்பார்கள். திருட்டும் இல்லை, கசிவும் இல்லை, வட்டத்தின் வடிவம் மட்டுமே. டேங்க் குறையும்போதெல்லாம் பற்றாக்குறையும், பாதிக்கு அருகில் இருக்கும்போது உபரியும் மாறிமாறி வந்தால் ஆளைச் சந்தேகிக்கும் முன் சுவர்க்கணக்கைச் சந்தேகியுங்கள்.

பாதிக்கு மேலே இதே தவறு வேறு விதமாகக் கடிக்கும். டிப் 150 செ.மீ. என்றால் சுவர்க்கணக்கில் 15,080 லிட்டர். இன்னும் 5,000 லிட்டர் பிடிக்கும் என்று லோடு சொல்லிவிடுவார்கள். உண்மையில் உள்ளே இருப்பது 16,175. விளிம்பு வரைக்கும் 3,931 லிட்டருக்குத்தான் இடம். ஆவிக்கு விட வேண்டிய இடத்தைக் கழித்தால் அதுவும் இல்லை. டேங்கர் வால்வைத் திறந்த பிறகு இது தெரிந்து பயனில்லை.

எக்செல்லில் B1-இல் ஆரம், B2-இல் நீளம், A5-இல் ஆழம், மூன்றும் மீட்டரில், விடை லிட்டரில்:

```
=1000*$B$2*($B$1^2*ACOS(1-A5/$B$1)-($B$1-A5)*SQRT(2*$B$1*A5-A5^2))
```

ஆழம் 0.5 கொடுத்துப் பாருங்கள். 3,931 வர வேண்டும். கால் ஆழம் என்பது கால் டேங்க் அல்ல, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 1.0 மட்டும் கொடுத்துச் சோதிக்காதீர்கள்: சரிபாதியில் தவறான கணக்கும் 10,053 என்று சரியான விடையையே தரும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சார்ட் அச்சிட்டு, சுவரில் இருப்பதை அழித்துவிடுங்கள்.

கால்குலேட்டர் டிகிரியில் இருப்பது

ரேடியனுக்கு மாற்றுங்கள்.

வெளிவிட்டத்தை அளப்பது

தகட்டின் தடிமனை இருபுறமும் கழியுங்கள்.

டேங்க் மட்டமாக இருப்பதாக நம்புவது

அடியில் சேரும் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கட்டும் என்று வேண்டுமென்றே சற்றுச் சாய்த்து வைப்பார்கள். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியும் சாயும். சூத்திரம் கேட்பது டேங்கின் நடு நீளத்தில் உள்ள ஆழத்தை. டிப் பைப்போ பெரும்பாலும் ஒரு முனையில் இருக்கும். மீட்டருக்கு 1 செ.மீ. சாய்வு என்றால், தாழ்ந்த முனையில் படிக்கும் ராட் நடுவைவிட 3.2 செ.மீ. கூடுதலாகக் காட்டும். ராடில் 20 செ.மீ. என்றால் நடுவில் 16.8. சார்ட் சொல்வது 1,046 லிட்டர். இருப்பது கிட்டத்தட்ட 810.

டேங்கின் முதுகு வெளியே தெரிந்தால் இரு முனைக்கும் டியூப் லெவல் பிடித்து வித்தியாசத்தைக் குறியுங்கள். அதை நீளத்தால் வகுத்து, டிப் பைப்புக்கும் நடுவுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கினால் திருத்தம் கிடைக்கும். பைப் தாழ்ந்த பக்கம் என்றால் கழியுங்கள், உயர்ந்த பக்கம் என்றால் கூட்டுங்கள். அதன் பிறகே சார்ட்டைப் பாருங்கள். டீசல் மிகக் குறைந்து உயர்ந்த முனையின் அடி வறண்டுவிட்டால் இந்தத் திருத்தமும் பொருந்தாது. புதைத்த டேங்கில் லெவல் பிடிக்க வழியில்லை. காலியாக இருக்கும்போது மீட்டர் வைத்து 500, 500 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அலை அடங்கிய பின் டிப் எடுத்துச் சார்ட் தயாரிப்பதே வழி. முனைகள் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் புடைத்திருக்கும் டேங்குக்கும் அதுதான் சரி, மேலே உள்ள சூத்திரம் அந்தப் புடைப்புகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.