அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு ஆபரேஷன்: சம்மதம் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிவத்தில் தேதி விடுபட்டால் யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். கீழே உள்ளவை அப்படி எளிதில் கண்ணில் படுவதில்லை.

"அம்மா கையெழுத்துப் போட்டால் போதும்"

போதாது. இந்தியச் சட்டப்படி 18 வயது நிறைந்தவருக்காகச் சம்மதம் தரும் அதிகாரம் பெற்றோருக்குத் தானாகத் தொடர்வதில்லை. 2008இல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை எடுக்க அவருடைய தாய் தந்த சம்மதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் வார்டுகளில் படிவம் நேராக அம்மா கைக்குத்தான் போகிறது. நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஹெர்னியா ஆபரேஷனுக்கு 24 வயது இளைஞர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் காட்டிச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்: "இந்த வீக்கத்தைச் சரிசெய்யணும். ஊசி போட்டுத் தூங்க வைப்போம். எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும்." அரை மணி நேரம் கழித்து, என்ன நடக்கப்போகிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

"சரியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எதைக் கேட்டாலும் "சரி" என்பவர்கள் இவர்களில் நிறைய. "ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, பிறகு வரிசையை மாற்றிக் கேளுங்கள். இரண்டு முறையும் கடைசி வார்த்தையையே திருப்பிச் சொன்னால் அது பதில் அல்ல. அவருக்குப் பழகியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு இன்னொரு நாள் முயலலாம்.

சொன்னது புரிந்து, நினைவில் நின்று, செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று யோசித்து, முடிவைப் பேச்சிலோ சைகையிலோ தெரிவித்தால் சம்மதம் அவருடையதுதான். கையெழுத்தோ கைரேகையோ அவரே வைக்கட்டும். அம்மா சாட்சி. கேட்ட கேள்விகளையும் அவர் தந்த பதில்களையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள குறைபாட்டுச் சதவீதத்தைப் பார்த்து முடிவெடுப்பது

அது உதவித்தொகைக்கு. ஹெர்னியாவைப் பற்றி முடிவெடுக்க முடியுமா என்பதை அது சொல்லாது.

காப்பாளர் சான்றுக்குக் கடைசி நேரத்தில் ஓடுவது

எவ்வளவு முயன்றும் அவரால் முடிவெடுக்க இயலவில்லை என்றால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டப்பூர்வக் காப்பாளர் வேண்டும். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். நியமிப்பது மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் மட்டக் குழு. தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். குழு கூடித்தான் முடிவெடுக்கும் என்பதால், தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தைக் காட்டிப் பெற்றோரை ‘நியமனப் பிரதிநிதி’ என்று எழுதிக் கொடுப்பதும் பயன்படாது. மனநோய்க்கான அதன் வரையறையில் அறிவுசார் குறைபாடு இல்லை.

மாதவிடாய்த் தொல்லைக்குக் கருப்பையை எடுப்பது

பிள்ளைப்பேறு இல்லாமல் போகச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் அந்த நபரே விவரம் அறிந்து, விரும்பிச் சம்மதிக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 10ஆவது பிரிவு. காப்பாளர் சான்று கையில் இருக்கிறதே என்று இதற்குக் கையெழுத்துப் போட முடியாது. அணையாடை பழக்குவது, மருந்து ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

உயிர் போகும் நேரத்தில் காகிதத்துக்குக் காத்திருப்பது

வேண்டாம். உயிரைக் காக்கத் தேவையானதை மட்டும் செய்துவிட்டு, ஏன் காத்திருக்க முடியவில்லை என்று எழுதுங்கள்.