கெஸெஃப் எங்கே போனது?

எபிரேய பைபிளில் யாத்திராகமம் 21:11 'ஏன் காஸெஃப்' என்று முடிகிறது. 'பணமில்லாமல்' என்று பொருள். அகராதியில் காஸெஃப் என்று தேடினால் சிக்காது. பதிவு இருப்பது கெஸெஃப் என்றுதான். வசனம் முடிகிற இடத்தில் குரல் நின்று அழுத்துவதால் எகரம் நீண்டு ஆகாரமாகிவிடுகிறது.

சொல்லுக்கு அடுத்து செங்குத்தாக இரண்டு புள்ளிகள் இருந்தாலோ, வசனத்தின் நடுவே குரல் நிற்பதைக் காட்டும், அடியில் கவிழ்த்த ஆங்கில 'V' போன்ற அத்னாஹ் குறி இருந்தாலோ சந்தேகப்படுங்கள். உயிர்க்குறிகளை மறந்துவிட்டு க-ஸ-ஃப என்ற மூன்று மெய்களை மட்டும் வைத்துத் தேடுங்கள்.

'என் பணம்' என்றால் கஸ்பி. அதன் கடைசி இகரம் 'என்' என்ற விகுதி, அதைக் கழற்றினால் அதே மூன்று மெய்கள்தான் (ஃப, ப இரண்டுக்கும் ஒரே எழுத்து). ஆனால் மெலெஹ், அதாவது ராஜா, வசன முடிவிலும் அசையாது. ராஜா அல்லவா! 'என் ராஜா' என்னும்போதோ மல்கி ஆகிவிடுவார்.