பொறியியல் சொற்பட்டியல் தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் தயாரிக்கும் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்பட்டியல்களை அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் வகுப்பில் நாங்கள் போட்ட பட்டியல்களில் இருந்த அதே ஓட்டைகள் இன்றும் இருக்கின்றன. எழுத்துப்பிழை, அகர வரிசை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை நீங்களே சரிசெய்துகொள்வீர்கள்.

வெவ்வேறு கருத்துகளுக்கு ஒரே தமிழ்ச் சொல்

மதிப்பெண்ணை விழுங்குவது இதுதான். இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெங்த், ஸ்டிஃப்னஸ், ஹார்ட்னஸ், டஃப்னஸ் நான்கும் ஒரே விரிவுரையில் வந்துபோகும். பொது அகராதியைப் புரட்டினால் ‘உறுதி’, ‘கடினம்’ என்ற இரண்டே சொற்கள் திரும்பத் திரும்பக் கிடைக்கும். அவற்றையே நான்கு வரியிலும் நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு மாணவியின் பட்டியலில் ஸ்ட்ரெங்த், ஸ்டிஃப்னஸ் இரண்டுக்கும் ‘உறுதி’ என்றே இருந்தது. எஃகு உத்தரம் சுமையில் அதிகமாகத் தொய்கிறது, எப்படிக் குறைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. ‘உறுதி கூடிய எஃகைப் பயன்படுத்தலாம்’ என்று எழுதிவிட்டார். விடை தவறு. சாதாரணக் கட்டுமான எஃகு ஏறத்தாழ 250 மெகா பாஸ்கல் தகைவில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். வலிமை கூடிய எஃகு 500 வரைகூடத் தாங்கும். ஆனால் இரண்டுக்கும் யங் குணகம் ஏறக்குறைய ஒன்றுதான், 200 கிகா பாஸ்கல். 2 மீட்டர் நீளக் கம்பியில் 100 மெகா பாஸ்கல் தகைவு ஏற்பட்டால், எந்த எஃகாக இருந்தாலும் 1 மில்லிமீட்டர்தான் நீளும். உத்தரத்தின் தொய்வும் அப்படித்தான். அதைத் தீர்மானிப்பது E × I, வலிமை அல்ல. செவ்வக உத்தரத்தின் உயரத்தை இரட்டித்தால் I எட்டு மடங்காகும், அதே சுமைக்குத் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். அவருக்கு இந்தச் சூத்திரம் தெரியும். பட்டியல்தான் அவரைக் கவிழ்த்தது.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் அளவிடும் முறையும் எழுதுங்கள். வலிமை என்றால் முறியாமல் அல்லது நிரந்தரமாக உருமாறாமல் தாங்கும் உச்சத் தகைவு, அலகு பாஸ்கல். விறைப்பு என்றால் ஓரலகு உருமாற்றத்துக்கு வேண்டிய விசை, அலகு நியூட்டன்/மீட்டர். கடினத்தன்மை என்றால் கீறலையும் குழிவிழுவதையும் பரப்பு எதிர்க்கும் அளவு, பிரினெல் அல்லது ராக்வெல் எண்ணில் வரும். டஃப்னஸுக்கு நல்ல தமிழ்ச் சொல் கையில் இல்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு, ‘உடைவதற்குள் உள்வாங்கும் ஆற்றல், சார்ப்பி சோதனையில் ஜூலில் அளப்பது’ என்று எழுதினால் போதும்.

பட்டியல் எக்செலில் இருந்தால் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. தமிழ்ச் சொற்கள் B நெடுவரிசையில் இருப்பதாக வைத்துக்கொண்டால்:

```
=COUNTIF(B:B,B2)>1
```

TRUE என்று வரும் வரிகளில் அலகை ஒப்பிடுங்கள். அலகு வேறானால் நிச்சயம் கோளாறுதான். அலகு ஒன்றாக இருந்தாலும் உடனே விட்டுவிட முடியாது. ஸ்ட்ரெஸ், பிரஷர் இரண்டையும் ‘அழுத்தம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. இரண்டுக்கும் அலகு பாஸ்கல்தான். ஆனால் ஓய்வில் உள்ள பாய்மத்தின் அழுத்தம் பரப்புக்குச் செங்குத்தாக மட்டுமே செயல்படும். தகைவு பரப்பை ஒட்டியும் செயல்படும். அந்த வேறுபாட்டை விளக்க வரிதான் காட்டும்.

இரண்டு பாடநூல் மரபுகளைக் கலப்பது

இணையத்தில் தேடிச் சேர்ப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஸ்பீடு ‘வேகம்’, வெலாசிட்டி ‘திசைவேகம்’. இலங்கைப் பாடநூல்களில் ஸ்பீடு ‘கதி’, வெலாசிட்டிதான் ‘வேகம்’. எனர்ஜி அங்கே ‘சக்தி’, இங்கே ‘ஆற்றல்’. இரண்டுமே சரியான மரபுகள். ஆனால் ஒரே பட்டியலில் இரண்டும் வந்தால் ‘வேகம்’ எதைக் குறிக்கிறது என்று பாதியில் குழம்பிப்போவீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பட்டியலின் தலையிலேயே எழுதிவையுங்கள்.

‘மாடுலஸ்’ என்று மட்டும் எழுதுவது

யங், ஷியர், பல்க் மூன்றும் பாஸ்கலில் வரும், செக்‌ஷன் மாடுலஸ் கன மீட்டரில் வரும். அடைமொழி இல்லாமல் எழுதாதீர்கள்.

தெரிந்த சொற்களைச் சேர்ப்பது

வேண்டாம்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மட்டுமே படிப்பது

ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத் தமிழைச் சொல்வது எளிது. ஆனால் தேர்வில் சூழலைக் கொடுத்துவிட்டு, அங்கே எந்தக் கருத்து பொருந்தும் என்று உங்களைத்தான் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதனால் சொற்கள் இரண்டையும் மறைத்துவிட்டு, விளக்க வரியை மட்டும் பார்த்து இரண்டு மொழியிலும் சொல்லிப் பாருங்கள். ஒரே விளக்கத்துக்கு ஒரே மொழியில் இரண்டு சொற்கள் வாயில் வந்தால், திருத்த வேண்டியது அந்த விளக்க வரியை.