லாரி ஓசூரில் நிற்கிறது, பில்லில் ஏன் ஐஜிஎஸ்டி?

விற்பவர் இருக்கும் மாநிலமும் 'சப்ளை இடம்' என்று சட்டம் சொல்லும் மாநிலமும் ஒன்றாக இருந்தால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என வரி இரண்டாகப் பிரியும். வெவ்வேறாக இருந்தால் முழு வரியும் ஐஜிஎஸ்டி. இதில் சப்ளை இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும்: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, புதுச்சேரி 34. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்கு போனாலும் 33-லிருந்து 34, அதனால் ஐஜிஎஸ்டிதான்.

அடுத்து வரி போட வேண்டிய மதிப்பு. கோவை வியாபாரி ஒருவர் ரூ.40,000-க்கு இரும்பு ஆணி விற்கிறார். லாரி வாடகை ரூ.1,000-ஐயும் அவரே பில்லில் சேர்க்கிறார். வாடகையும் மதிப்பில் சேரும் என்பதால் வரி ரூ.41,000-க்கு. 18% என்றால் ரூ.7,380.

வாங்குபவர் மதுரைக்காரர், சரக்கும் மதுரைக்கே போகிறது என்றால் பில்லில் இரண்டு வரிகள் வரும்:

```
CGST 9%    3,690
SGST 9%    3,690
```

வாங்குபவர் பெங்களூரில் இருந்து, சரக்கும் அங்கேயே இறங்கினால் `IGST 18%  7,380` என்ற ஒரே வரி. மொத்தம் இரண்டிலும் ரூ.48,380.

இப்போது சிக்கலான இடம். பெங்களூர்க்காரர், "பில் என் பேருக்குப் போடுங்க, சரக்கை ஓசூர்ல என் கஸ்டமர்கிட்ட இறக்கிடுங்க" என்கிறார். லாரி தமிழ்நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. ஆனாலும் ஐஜிஎஸ்டிதான் போட வேண்டும். ஒருவர் சொல்லி இன்னொருவரிடம் சரக்கை இறக்கினால், சொன்னவரின் முதன்மைத் தொழிலிடமே சப்ளை இடம் என்கிறது ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10(1)(b) பிரிவு. இங்கே அது கர்நாடகம். பெங்களூர்க்காரர் ஓசூர்க்காரருக்குப் போடும் பில் தனி விற்பனை. அதுவும் 29-லிருந்து 33-க்கு, ஐஜிஎஸ்டி.

கோவை வியாபாரி பெங்களூர்க்காரருக்குப் போடும் பில்லில் 'பில் டு', 'ஷிப் டு' இரண்டு முகவரியையும் எழுதி, சப்ளை இடம் 'கர்நாடகம் (29)' என்று போடுங்கள். பில்லிங் மென்பொருள் டெலிவரி முகவரியைப் பார்த்துத் தானாகவே வரியைப் பிரிக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். பெரும்பாலும் தப்பு நுழைவது அந்த வழியாகத்தான். இ-வே பில்லிலும் பரிவர்த்தனை வகையில் `Bill To - Ship To` தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓசூர் முகவரியைப் பார்த்து 9+9 போட்டுவிட்டால் அடி வாங்குவது பெங்களூர்க்காரர்தான். தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியைக் கர்நாடகப் பதிவில் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. "கிரெடிட் வரலையே" என்று அவர் போன் செய்யும்போதுதான் பலருக்குத் தப்பே தெரியவரும்.

`GSTR-3B` போட்டு வரி கட்டுவதற்குள் தெரிந்துவிட்டால் கிரெடிட் நோட் கொடுத்து, சரியான பில்லைப் புதிதாகப் போடலாம். கட்டிய பிறகு தெரிந்தால் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வழியில்லை. ரூ.7,380-ஐ ஐஜிஎஸ்டியாக மறுபடி கட்ட வேண்டும். அதற்கு வட்டி கிடையாது. முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு, சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.