‘சாப்டீங்களா?’வைத் தாண்டாத பேச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சிக்கும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவுக்கும் நடுவில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் காலங்காலமாக நடக்கிறது. மாநிலம் வேறானாலும் இரண்டு பக்கமும் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனபின், “நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க” என்று நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வாரம் தினமும் வாட்ஸ்அப்பில் பேசியும், ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு ரேஷன் கார்டில் இருப்பதைவிட அதிகம் தெரியாமல் நிற்கிற ஜோடிகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

கீழே இருப்பது அப்படி ஒரு பேச்சு. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் ஆனைமலைப் பக்கம் தென்னைநார் மில்லைப் பார்த்துக்கொள்கிறவர். அவள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் டீச்சர்.

அவர்: சாப்டீங்களா?
அவள்: சாப்டாச்சுங்க. நீங்க?
அவர்: ஆச்சுங்க. ஸ்கூல் எப்படிப் போச்சு?
அவள்: நல்லாப் போச்சுங்க.
அவர்: கிளாஸ்ல எத்தன பசங்க?
அவள்: 28 பேருங்க.
அவர்: ஓகே. பொங்கலுக்கு லீவு உண்டா?
அவள்: ஒரு நாளுங்க.
அவர்: ஓகேங்க. உங்களுக்குப் பிடிச்ச கலர் என்ன?

இதில் ‘சாப்டீங்களா’வைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது நம்மிடம் வணக்கம் சொல்கிற மாதிரி. அதை எடுத்துவிட்டால் பேச்சு மொட்டையாக நிற்கும். கோளாறு அதற்குப் பிறகுதான்.

முதல் தவறு, பதில் வந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுவது. அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப் போன்றவர்கள் 1960, 70களிலேயே இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கேள்வியும் பதிலும் சேர்ந்து ஒரு ஜோடி. பதில் வந்துவிட்டால் அந்த ஜோடி முழுமையாகிவிடும். விஷயம் அதோடு முடிந்தாலும் தவறில்லை. அதை முடிப்பதா வளர்ப்பதா என்று தீர்மானிப்பது மூன்றாவதாக வருகிற பேச்சு. அந்த இடத்தில் “ஓகே” என்று போட்டால் கதவைச் சாத்தியாயிற்று. மேலே அவர் இரண்டு தடவை அதைத்தான் செய்திருக்கிறார். சாக்ஸ் இன்னொன்றும் கவனித்தார்: கேள்வி கேட்டவருக்குப் பதில் வந்ததும் மறுபடி பேசுகிற முறை திரும்பி வந்துவிடுகிறது. அதனால் ஒருவர் கேட்டுக்கொண்டே போனால் அவரே கேட்கிறவராகவும், மற்றவர் பதில் சொல்கிறவராகவும் உறைந்துபோகிறார்கள். கேட்பவருக்கு அது அக்கறையாகத் தெரியும். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அவர் தவறவிட்டது எது என்று பாருங்கள். “ஒரு நாளுங்க” என்பது சின்னப் பதிலாகத் தெரிந்தாலும் உள்ளே நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் என்றால் தொடர்ந்து சில நாட்கள் விடுமுறை. கேரளத்திலோ தமிழர்கள் அதிகம் இருக்கிற எல்லையோர மாவட்டங்களுக்கு மட்டும் உள்ளூர் விடுமுறையாக ஒரு நாள் தருவார்கள். பாலக்காடு அதில் ஒன்று. அவர் பக்கம் மில் மூடிக் கிடக்கிற நாளில் அவள் பள்ளிக்குப் போகிறாள். இரண்டு பேரின் வாழ்க்கையும் எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்பது அந்தப் பதிலிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவர் கலருக்குப் போய்விட்டார்.

அதே இடத்திலிருந்து பேச்சு இப்படிப் போயிருக்கலாம்:

அவள்: ஒரு நாளுங்க.
அவர்: ஒரே நாளா! நாங்க மில்ல நாலு நாள் மூடிருவோம். மாட்டுப் பொங்கலன்னிக்குத் தோட்டத்துல பட்டிப் பொங்கல் வெப்போம். அன்னிக்குப் பூரா நார்க் களத்துப் பக்கமே யாரும் போகமாட்டோம்.
அவள்: பட்டிப் பொங்கல் எங்க வீட்லயும் உண்டுங்க. ஆனா எனக்கு அன்னிக்கு ஸ்கூல் இருக்குமே. பாதிப் பசங்க வரமாட்டாங்க, வர்றவங்க கையில கரும்போட வருவாங்க.
அவர்: கிளாஸுக்குள்ளயே கரும்பா! டீச்சர் ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?
அவள்: டீச்சருக்கும் ஒரு துண்டு வந்துரும்ங்க, அப்புறம் எங்க சொல்றது. உங்க பட்டியில எத்தன மாடு இருக்குது?

முதல் பேச்சில் அவர் அடுக்கியதுபோல இதில் கேள்விகள் வரிசை கட்டவில்லை. “ஒரே நாளா!” என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, தன் பக்கத்து விஷயத்தை இரண்டு வரி வைத்தார். அதைக் கேள்வியோடு முடிக்கவில்லை. ஆனாலும் அவள் பேசினாள்; பிடித்துக்கொள்ள அவளுக்கு மாட்டுப் பொங்கல், பட்டி, களம் என்று மூன்று விஷயம் கிடைத்தது. அடுத்து அவர் கேட்ட கேள்வி அவள் சொன்ன கரும்பிலிருந்து வந்தது, ஏற்கெனவே மனதில் வைத்திருந்த பட்டியலிலிருந்து அல்ல. கடைசியில் கேள்வி கேட்பது அவள். முறை கைமாறிவிட்டது.

சொன்ன பதிலிலிருந்து எழுகிற இந்த மாதிரித் தொடர் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. 2017இல் ஹார்வர்டைச் சேர்ந்த கேரன் ஹுவாங்கும் அவருடன் பணியாற்றியவர்களும், முன்பின் தெரியாதவர்கள் எழுத்து வழியாகவும் நேரிலும் பேசிய பேச்சுகளை ஆராய்ந்தார்கள். அதிகம் கேள்வி கேட்டவர்களை மற்றவர்களுக்கு அதிகம் பிடித்தது. ஆனால் அந்தப் பிடிப்பைக் கொண்டுவந்தது பெரும்பாலும் தொடர் கேள்விகள்தான். பேச்சை வேறு பக்கம் திருப்புகிற கேள்விகளுக்கு அந்த பலன் இல்லை. நீங்கள் கேட்டீர்கள் என்பதைவிட, சொன்னதைக் காதில் வாங்கினீர்கள் என்பதுதான் அங்கே தெரிகிறது.

இரண்டாவது தவறு பதில் சொல்கிறவருடையது. இதை யாரும் பேசுவதில்லை. கேட்டதற்கு மட்டும் அளந்து பதில் சொன்னால் எதிராளி என்னதான் செய்வார்? “28 பேருங்க” என்பது சரியான பதில்தான், ஆனால் அதில் பிடிக்க ஒன்றும் இல்லை. “28 பேருங்க. எல்லாரும் வீட்ல தமிழ், வெளியில மலையாளம். ரெண்டையும் கலந்து ஒரே மூச்சுல புகார் சொல்லுவாங்க” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பதிலோடு கேட்காத ஒரு விவரம். ஒன்றே ஒன்று; நான்கு பத்தி எழுதினால் எதைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. நம் பக்கத்துப் பெண்களுக்கு ‘கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு’ என்றே சொல்லி வளர்த்திருக்கிறோம், அது பேச்சில் அப்படியே தெரிகிறது. அதனால் இப்படிப்பட்ட பேச்சில் பையன்தான் முதலில் தன் விவரத்தை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் இரண்டு வரி சொன்னால் அவளும் இரண்டு வரி சொல்வதற்கு இடம் கிடைக்கும்.

‘உன்னைப் பற்றியும் சொல்லு’ என்றதும் சிலர் மறு எல்லைக்குப் போய்விடுகிறார்கள். அது மூன்றாவது தவறு. “இன்னிக்கு ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன்ங்க, தொண்டையே போச்சு” என்று அவள் எழுதுகிறாள். “எனக்கும் மோசமான நாள்தான், மழை வந்து காயப்போட்ட நார் பூரா நனைஞ்சுருச்சு, லோடு நின்னுபோச்சு” என்று இவர் எழுதுகிறார். மேலே பொங்கலில் செய்ததும் இதுதானே என்று தோன்றலாம். இல்லை. பொங்கல் இரண்டு பேருக்கும் பொது. அவர் வைத்தது அதன் மறுபக்கம். இங்கே அவளுடைய நாள் காணாமல் போய், அந்த இடத்தில் இவருடைய நாள் உட்கார்ந்துவிட்டது. அமெரிக்க சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்: சொன்னவர் பக்கமே பேச்சை நிறுத்துகிற பதில் ஒரு வகை, தன் பக்கம் திருப்பிக்கொள்கிற பதில் இன்னொரு வகை.

கஷ்டம், வலி, சந்தோஷம் என்று அவர்களுக்கே உரிய ஒன்றைச் சொன்னால் முதலில் அங்கேயே நில்லுங்கள். “யாரு வந்தாங்க? பசங்க ஒழுங்கா பதில் சொன்னாங்களா?” என்று கேட்டு, அவள் சொல்லி முடித்தபின் நனைந்த நாரைப் பற்றிச் சொல்லலாம். அப்போது அவளுக்கும் கேட்கிற மனம் இருக்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முழுதாக அடக்கிவைக்கவும் வேண்டாம். சூசன் ஸ்ப்ரெச்சரும் அவர் குழுவும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத ஜோடிகளை இரண்டு விதமாகப் பேசவிட்டார்கள். ஒருவர் முழுக்கச் சொல்ல மற்றவர் கேட்டு, பிறகு இடம் மாறிக்கொண்டது ஒரு விதம். மாறி மாறிச் சொல்லிக்கொண்டது இன்னொரு விதம். மாறி மாறிச் சொன்னவர்களுக்கே ஒருவரை ஒருவர் அதிகம் பிடித்தது.

சின்னச் சின்னக் கோளாறுகள் சில. ஒரே செய்தியில் மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். மற்ற இரண்டும் தொலைந்துபோகும், அல்லது 1, 2, 3 என்று நம்பர் போட்டுப் பதில் வரும். ‘ஏன்’ என்று தொடங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். “ஏன் பாலக்காட்டுல வேலைக்குப் போகல?” என்று எழுத்தில் படித்தால் குற்றம் சாட்டுவதுபோல இருக்கும், குரலின் கனிவு எழுத்தில் வராது. “இந்த ஸ்கூலுக்கு எப்படி வந்தீங்க?” என்று கேட்டால் அதே விஷயம் கதையாக வரும். காலையில் அவர் சொன்னதற்கு இரவில் பதில் எழுதுவதாக இருந்தால், அந்தச் செய்தியையே விரலால் தள்ளி அதன்மேல் பதில் போடுங்கள். இல்லாவிட்டால் எதற்கு “ஆமாங்க” என்று தெரியாமல் அவர் முழிப்பார்.

எல்லைப் பகுதியில் மட்டும் வருகிற ஒரு சிக்கலும் உண்டு. அந்தப் பக்கம் மலையாள மீடியத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுதப் படிக்க வராது. நீங்கள் தமிழ் எழுத்தில் பத்து வரி அனுப்பினால் அதை எழுத்துக்கூட்டிப் படித்து ஒரு வார்த்தையில் பதில் தருவார்கள். அது ஆர்வமின்மை போலத் தெரியும், ஆனால் இல்லை. இரண்டு நாள் வாய்ஸ் மெசேஜில் பேசிப் பாருங்கள். பதிலின் நீளம் சட்டென்று மாறினால் தடை எழுத்தில்தான் இருந்தது.

எழுத்தும் தடையாக இல்லை, நீங்களும் உங்கள் பக்கத்தைச் சொல்லி, அவர் சொன்னதிலிருந்தே கேட்டும் பார்த்துவிட்டீர்கள். அப்படியும் சில நாட்களாகப் பதிலில் ஒரு விவரமும் சேரவில்லை, எதிர்க்கேள்வி ஒன்றும் வரவில்லை என்றால், அதைப் பேசுகிற விதத்தை மாற்றிச் சரிசெய்ய முடியாது. அவருக்கு வாட்ஸ்அப் பிடிக்காமல் இருக்கலாம், பக்கத்தில் யாராவது படித்துக்கொண்டிருக்கலாம், இந்தச் சம்பந்தமே பிடிக்காமலும் இருக்கலாம். “போன்ல பேசறது சௌரியமா, இல்ல நேர்ல ஒரு தடவ பாத்துப் பேசலாமாங்க? உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னாலும் சொல்லுங்க, நான் வீட்ல பக்குவமா சொல்லிக்கறேன்” என்று ஒரே ஒரு முறை எழுதுங்கள். பதில் எதுவாக இருந்தாலும், கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வந்துவிடும்.